பட்டாவில் ஒரு ஏக்கர், எஃப்.எம்.பி. பிரிண்டில் 88 சென்ட். மீதி எங்கே போனது?

மேலக்காடு

எங்கள் நிலத்தின் சர்வே அளவுப் படமான எஃப்.எம்.பி.யை அரசு இணையதளத்தில் இருந்து இறக்கி, பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டரில் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்தேன். படத்தில் ஸ்கேல் 1:1000 என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. அப்படியென்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் ஒரு மீட்டர், கணக்கு சுலபம் என்று ஸ்கேலை வைத்து அளந்தேன்.

நிலம் நாலு மூலை. தென்மேற்கு மூலையில் இருந்து வடகிழக்கு மூலைக்குப் போகும் குறுக்குக் கோடு 84.5 மி.மீ. அந்தக் கோட்டில் இருந்து மற்ற இரண்டு மூலைகளுக்குச் செங்குத்தாக அளந்தால் தென்கிழக்குப் பக்கம் 45, வடமேற்குப் பக்கம் 39.5. இரண்டு முக்கோணமாகப் போட்டால் 84.5 × (45 + 39.5) ÷ 2 = 3570 சதுர மீட்டர். அதாவது 35.70 ஏர்ஸ், சென்ட் கணக்கில் 88.

பட்டாவில் இருப்பது 0-40.50. ஏறக்குறைய சரியாக ஒரு ஏக்கர். 12 சென்ட் எங்கே? கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரர் போன வருடம் வரப்பை வெட்டிப் புதிதாகப் போட்டார், அப்போதே எனக்குச் சந்தேகம். சர்வேக்கு மனு போடலாமா, இல்லை நேரே வக்கீலைப் பார்ப்பதா?

செல்வம்_திருச்சி

அண்ணா, முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் கூட்டுப் பட்டாவாக இருந்ததைத் தனிப்பட்டாவாக மாற்றும்போது உட்பிரிவு எண்ணையே மாற்றி ஏற்றிவிட்டார்கள், அதைச் சரி செய்ய அலைந்த அலைச்சல் இருக்கிறதே. வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், 12 சென்டை யாராவது விற்றிருந்தால் அதில் வந்துவிடும்.

மேலக்காடு

பட்டா என் பெயரில்தான், தனிப்பட்டா. யாரும் எதையும் விற்கவில்லை. என் கேள்வி படத்தில் இருக்கும் அளவைப் பற்றி.

பழைய சங்கிலி

தம்பி, வக்கீலை விடுங்கள். சர்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தக் குறுக்குக் கோட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். செங்குத்துக் கோடுகளிலும் இருக்கும். அவை என்ன?

மேலக்காடு

கண்ணாடி போட்டுப் பார்த்தேன் ஐயா. குறுக்குக் கோட்டில் 90.0 என்று இருக்கிறது. செங்குத்தில் ஒரு பக்கம் 48.0, இன்னொரு பக்கம் 42.0.

பழைய சங்கிலி

அவ்வளவுதான். 90 × (48 + 42) ÷ 2 = 4050 சதுர மீட்டர், 40.50 ஏர்ஸ். பட்டாவில் இருப்பது அதுவே. எழுதியிருக்கும் அளவுதான் அளவு. படம் அந்த அளவுகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று காட்டுவதற்காக வரைந்தது. எஃப்.எம்.பி.யில் எழுத்தில் மீட்டர் இருக்கும்போது ஸ்கேலை வைத்து அளக்கவே கூடாது.

ராஜா_84

பிரிண்டர் சுருக்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. பிரிண்ட் கொடுக்கும்போது `Fit` என்று இருந்தால் ஓரத்தில் வெள்ளை விடுவதற்காகப் படத்தை அதுவாகவே சின்னதாக்கிவிடும். 90 இருக்க வேண்டிய இடத்தில் 84.5 வந்திருக்கிறது, 6 சதவீதம் குறைவு. உங்கள் பரப்பளவோடு 6 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தது.

மேலக்காடு

சேர்த்துப் பார்த்தேன். 35.70-க்கு 6 சதவீதம் சேர்த்தால் 37.84. பட்டாவுக்கு இன்னும் 2.66 ஏர்ஸ் குறைகிறது, ஆறரை சென்ட். எழுத்தில் இருக்கும் அளவு சரியாக வருகிறது என்று ஐயா சொல்வது புரிகிறது, ஆனால் படமும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? ஒத்துப்போகவில்லை என்றால் கோட்டையே தப்பாக வரைந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பழைய சங்கிலி

படம் சரியாகவே ஒத்துப்போகிறது. ராஜா சொன்ன காரணம் சரி, கணக்குதான் பாதியில் நிற்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஸ்கேல் 1:1000 என்றால் நீளம் மட்டும்தான் ஆயிரத்தில் ஒன்றாகிறது. தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 10 மீட்டர். சரி, தாளில் ஒரு சதுர சென்டிமீட்டர் தரையில் எவ்வளவு? பத்து சதுர மீட்டர் என்று டக்கென்று வாயில் வரும், பயிற்சிக்கு வரும் பையன்கள் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சின்னக் கட்டம் தரையில் 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஆக 100 சதுர மீட்டர், அதாவது ஒரு ஏர். 1:1000 படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் ஒரு ஏர் என்பதை எங்கள் ஆட்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். அதே சென்டிமீட்டர் கட்டம் 1:2000 படத்தில் 20 மீட்டருக்கு 20 மீட்டர், 4 ஏர்ஸ். கிராம வரைபடம் 1:5000 என்றால் 50-க்கு 50, அதாவது 25 ஏர்ஸ். ஸ்கேல் 5 மடங்கு மாறினால் ஒரு கட்டத்துக்குள் அடங்கும் நிலம் 25 மடங்கு மாறுகிறது.

இப்போது உங்கள் தாளுக்கு வாருங்கள். தரையில் 90 மீட்டர், தாளில் 8.45 சென்டிமீட்டர். வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 10.65 மீட்டர். படத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் உங்கள் கையில் இருக்கும் தாள் 1:1000 கிடையாது, 1:1065. அதில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 10.65 × 10.65, அதாவது 113.4 சதுர மீட்டர். தாளில் நீங்கள் அளந்தது 35.70 சதுர சென்டிமீட்டர். பெருக்குங்கள், 4048 வரும். 4050-க்கு 2 சதுர மீட்டர் குறைவு. ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே பார்த்தாலே இதைவிட அதிகம் மாறும்.

நீளத்தில் 6 சதவீதம் குறைந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. 90-ம் 84.5-ம் தாளில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பரப்பாகப் போடும்போது அது 12 சென்ட்டாகி நிற்கிறது, உடனே பக்கத்து நிலத்துக்காரர் மேல் சந்தேகம். அந்த மனிதர் பாவம்.

மேலக்காடு

ஐயா, என் நிலம் முக்கோணம் முக்கோணமாகப் பிரிகிறது, அதனால் நீளம் × அகலம் வருகிறது, இரண்டு தடவை பெருக்குகிறோம். சரி. வளைந்து நெளிந்த குளம், ஓடை இதற்கெல்லாம் எப்படி? அங்கே நீளம் அகலம் என்று ஒன்றும் இல்லையே, அங்கேயும் இதே கணக்குதானா?

கணக்கு டீச்சர்

நல்ல கேள்வி. அங்கேயும் அதேதான், முக்கோணத்தால் வந்ததில்லை இது.

ஒரு குளத்தின் படத்தின் மேல் மில்லிமீட்டர் கிராஃப் தாளை வைத்து, கரைக்குள் விழும் கட்டங்களை எண்ணுங்கள். 1200 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது படத்தையும் கிராஃப் கட்டங்களையும் சேர்த்தே 94 சதவீதத்துக்கு ஜெராக்ஸ் எடுங்கள். குளம் சுருங்கும், கட்டமும் கூடவே சுருங்கும், எண்ணினால் மறுபடியும் அதே 1200 கட்டம்தான். ஆனால் ஒவ்வொரு கட்டமும் 0.94 மி.மீ. நீளம், 0.94 மி.மீ. அகலம், பரப்பு 0.8836. எந்த வடிவத்தையும் குட்டிக் கட்டங்களால் நிரப்பலாம், கரையோரத்தில் பாதி வெட்டுப்படும் கட்டங்களுக்கு இன்னும் குட்டிக் கட்டம் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் அதே விகிதத்தில் சுருங்கினால் மொத்தமும் அதே விகிதம். குளம் எப்படி வளைந்தால் என்ன.

குளத்தின் கரை நீளம் மட்டும் 0.94 மடங்குதான் ஆகும். வேலி போடுகிறவருக்கு 6 சதவீதப் பிசகு, அதே படத்தை வைத்து விதை நெல் கணக்குப் போடுகிறவருக்கு 12 சதவீதப் பிசகு.

ராஜா_84

சரி டீச்சர், நீளத்தில் 6, அகலத்தில் 6, மொத்தம் 12. 12 சதவீதம் சேர்த்தால் போதும் என்று வைத்துக்கொள்ளலாமா? வர்க்கம் கிர்க்கம் எல்லாம் எதற்கு.

கணக்கு டீச்சர்

போட்டுப் பாருங்களேன். 35.70-க்கு 12 சதவீதம் சேர்த்தால் 39.98. அரை ஏர் இன்னும் குறைகிறது, ஒரு சென்டுக்கு மேல்.

இதில் இரண்டு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதலாவது, குறைந்தது 40.50-இல் 12 சதவீதம், நீங்கள் சேர்ப்பதோ 35.70-இல் 12 சதவீதம். அடி சின்னதாகிவிட்டதால் அதே அளவைத் திரும்பக் கொண்டுவர 13.4 சதவீதம் சேர்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, இரட்டிப்பாக்கிக் கூட்டுகிற குறுக்குவழி மாற்றம் சின்னதாக இருக்கும்வரைதான் ஓடும். ஒரு சதுரத்தை இரண்டு பக்கமும் நீட்டினால் வலப்பக்கம் ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை சேர்கிறது, உங்கள் 6 + 6 அந்த இரண்டு பட்டைகள்தான். மூலையில் ஒரு குட்டிச் சதுரம் வருமே, அதை யாரும் எண்ணுவதில்லை. 6 சதவீதத்துக்கு அந்த மூலை 0.36 சதவீதம், போனால் போகட்டும். பெரிதாக நீட்டும்போது மூலையே ஒரு பெரிய நிலமாகிவிடும்.

நகல் கடை

பெரிதாக நீட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன், தினமும் அதுதான் வேலை. ஜெராக்ஸ் மெஷினில் ஏ4-ஐ ஏ3 ஆக்க ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால் 141% என்று காட்டும். ஏ3 என்றால் இரண்டு ஏ4-ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு, எல்லோருக்கும் தெரியும். ஆனால் மெஷின் 200% என்று காட்டுவதில்லை, 141 என்றுதான் காட்டுகிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் ஒரு தடவை இதைக் கேட்டுவிடுவார்கள். திரும்ப ஏ3-ஐ ஏ4 ஆக்கும்போது 71%, 50 கிடையாது.

மனை லேஅவுட் கொண்டுவருகிறவர்கள் "டபுளாக்கிக் கொடுங்கள்" என்பார்கள். அவர்கள் சொல்லும் டபுள் எது என்று கேட்காமல் 200 போட்டால் ஏ4 படம் நாலு ஏ4 தாள் அளவுக்கு வந்து நிற்கும், மெஷினில் ஏ3-க்கு மேல் தாளே இல்லை, பாதிப் படம் வெட்டுப்பட்டு வெளியே வரும். காசு யார் கொடுப்பது என்று அப்புறம் சண்டை.

கணக்கு டீச்சர்

அதேதான். ராஜாவின் வழியில் 41 + 41 = 82 சதவீதம் கூடியிருக்க வேண்டும். உண்மையில் ஏ3 இரண்டு மடங்கு, 100 சதவீதம் கூடுகிறது. அந்த மீதி எல்லாம் மூலைச் சதுரம், 0.41 × 0.41, கிட்டத்தட்ட 17. மிச்சமிருக்கும் ஒன்று 1.414-ஐ 141 என்று சுருக்கியதால். பரப்பு இரட்டிப்பாக வேண்டுமென்றால் நீளத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், அதனால்தான் அந்த விசித்திர எண்.

வடமராட்சியான்

எங்கட பக்கத்தில் நிலைமை வேற மாதிரி, ஆனால் கதை இதேதான். யாழ்ப்பாணத்தில் பழைய காணி உறுதிகளோட வாற நில அளவைப் படங்களில் ஸ்கேல் அங்குலத்துக்கு ஒரு சங்கிலி, இரண்டு சங்கிலி என்று இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஏக்கருக்கு 160 பேர்ச், ஆகவே அங்குலத்துக்கு ஒரு சங்கிலி என்ற படத்தில் ஒரு சதுர அங்குலம் 16 பேர்ச், எங்கட கணக்கில் ஒன்றரைப் பரப்பும் கொஞ்சமும்.

எங்கட பெரியப்பாவின்ர காணிக்கு இரண்டு படம் இருந்தது, பழசு ஒன்று, பிறகு பிரிச்சு வரைஞ்சது ஒன்று. பழைய படம் இரண்டு சங்கிலி ஸ்கேல். சகோதரங்களுக்குள்ள பங்கு பிரிக்கேக்க ஆரோ ஒருவர் ஒரு சதுர அங்குலத்துக்கு 32 பேர்ச் என்று பெருக்கிப்போட்டார், சங்கிலி இரண்டுதானே என்று. உண்மையில் 64. காணி பாதியாகக் குறைஞ்சுபோச்சு என்று ஒரு கிழமை வீட்டில் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கவில்லை. கடைசியில் நில அளவையாளர் வந்து உறுதியில் எழுதின விஸ்தீரணத்தைக் காட்டினபிறகுதான் அடங்கினது.

பழைய சங்கிலி

தம்பி, இங்கேயும் மெட்ரிக் வருவதற்கு முன் சங்கிலிதான், என் பெயரே அதுதான். பழைய கிராம வரைபடம் மைலுக்கு 16 அங்குலம், அதாவது அங்குலத்துக்கு 5 சங்கிலி. ஒரு சதுர அங்குலம் 25 சதுரச் சங்கிலி, இரண்டரை ஏக்கர். யாராவது தாத்தா காலத்து வரைபடத்தை எடுத்து வந்து இன்றைய 1:5000 வரைபடத்தோடு மேலே வைத்துப் பார்த்தால் பொருந்தாது. அந்தப் பழையது 1:3960. நீளத்தில் ஒன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் கூட, பரப்பில் 1.6 மடங்கு. குளம் சுருங்கிவிட்டது, ஆக்கிரமிப்பு என்று ஒருவர் மனுவே எழுதிக்கொண்டு வந்தார் ஒரு காலத்தில்.

தஞ்சை_மேப்பர்

எல்லோரும் சொன்னது சரி, ஒரு நிபந்தனையை மட்டும் யாரும் சொல்லவில்லை. வர்க்கம் என்பது இரண்டு திசையிலும் ஒரே விகிதத்தில் சுருங்கினால்தான். நீளவாக்கில் 0.94, அகலவாக்கில் 0.97 என்று சுருங்கினால் பரப்பு 0.94 × 0.97, அதாவது 0.91. பொதுவான விதி இரண்டு திசை விகிதங்களின் பெருக்கல், இரண்டும் சமமாக இருக்கும்போது அதுவே வர்க்கம் ஆகிறது.

நடைமுறையில் இது அடிக்கடி வரும். பழைய தாள் ஈரத்திலும் வெயிலிலும் ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் சுருங்கும். வேர்டு ஃபைலில் படத்தை ஒட்டிவிட்டு ஓரத்தைப் பிடித்து இழுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரு கோட்டை மட்டும் சரிபார்த்துவிட்டுப் பரப்பைத் திருத்தக் கூடாது, ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும் இரண்டு கோடுகளையாவது பார்க்க வேண்டும். மேலக்காடு அண்ணன் படத்தில் பார்த்தேன், 84.5-க்கு 90 என்றால் 0.939, செங்குத்தில் 45-க்கு 48 என்றால் 0.9375, 39.5-க்கு 42 என்றால் 0.940. மூன்றும் அரை மி.மீ. வித்தியாசத்துக்குள் அடங்குகின்றன. சீராகத்தான் சுருங்கியிருக்கிறது.

செல்வம்_திருச்சி

எங்கள் படத்தை வி.ஏ.ஓ. ஆபீஸில் இருந்தவர் போனில் ஃபோட்டோ பிடித்து வாட்சப்பில் அனுப்பினார். அதை வைத்து இப்படி அளக்கலாமா?

தஞ்சை_மேப்பர்

வேண்டாம். மேஜையில் கிடக்கும் தாளை நின்றபடி சாய்வாகப் பிடித்திருப்பார், கிட்டே இருக்கும் ஓரம் பெரிதாகவும் தூர ஓரம் சின்னதாகவும் இருக்கும். அதில் ஒரு ஸ்கேல் என்பதே கிடையாது, இடத்துக்கு இடம் மாறும். நாலு மூலைகளை வைத்து நிமிர்த்தும் மென்பொருள் இருக்கிறது, ஆனால் எழுத்தில் அளவு தெரிந்தால் அதையெல்லாம் செய்வானேன்.

கிணத்தடி

இங்கேயே என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன், தனி இழை போடச் சோம்பல். நான் படத்தை நம்பாமல் QGIS-இல் செயற்கைக்கோள் படத்தின் மேல் என் வரப்பைச் சுற்றிப் புள்ளி வைத்து வரைந்தேன். ஒரு ஏக்கர் நிலம், திருவையாறு பக்கம். பரப்பு கேட்டால் 104 சென்டுக்குச் சமமாகக் காட்டுகிறது. எனக்கு நாலு சென்ட் கூடக் கிடைத்திருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

தஞ்சை_மேப்பர்

இப்படித்தானே கேட்டீர்கள்?

```
area($geometry)
```

லேயரின் ஆயத்தொலை முறை `EPSG:3857` என்று இருக்கும், இணைய வரைபடங்களின் மேல் வரையும்போது பெரும்பாலும் அதுவே வந்துவிடும். அது மெர்கேட்டர் வகை. நிலநடுக்கோட்டில் இருந்து விலக விலக எல்லாவற்றையும் ஊதிக்காட்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்தான், 11 டிகிரி கூட இல்லை, அதனால் நீளத்தில் சுமார் 2 சதவீதம்தான் கூட்டிக்காட்டுகிறது. பரப்பில் அது சுமார் 4 சதவீதம். உங்கள் நாலு சென்ட் அதுதான். 60 டிகிரியில் இருப்பவருக்கு நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு, அவர்கள் மனைவியிடம் என்ன சொல்வார்களோ.

இதைப் போட்டுப் பாருங்கள், திட்டத்தின் அமைப்புகளில் எலிப்சாய்டு `WGS 84` என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு:

```
$area
```

இது பூமியின் வளைவை வைத்துக் கணக்கிடும். இல்லையென்றால் லேயரை `EPSG:32644`-க்கு மாற்றிவிட்டு முதல் கட்டளையையே கொடுங்கள், நம் மாவட்டத்துக்கு அதில் வரும் பிழை கண்டுகொள்ள வேண்டியதில்லை.

கிணத்தடி

`$area`-வில் 99.6 சென்ட் வருகிறது. நாலு சென்ட் போய், இருந்ததிலும் கொஞ்சம் போய்விட்டது.

தஞ்சை_மேப்பர்

அந்த 0.4-ஐ விடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் வரப்பு எங்கே முடிகிறது என்று யாரும் ஒரு மீட்டருக்குள் சொல்ல முடியாது.

ராஜா_84

ஒரு யோசனை. இவ்வளவு குழப்பம் எதற்கு, எல்லாப் படத்திலும் ஓரத்தில் 0, 10, 20, 30 மீட்டர் என்று ஒரு கோடு போட்டுவிட்டால் ஜெராக்ஸில் படம் சுருங்கும்போது அந்தக் கோடும் சேர்ந்து சுருங்கும். 1:1000 என்று எண்ணில் எழுதினால் அது சுருங்காமல் அப்படியே நின்று பொய் சொல்லும். நான் சொல்வது சரிதானே?

பழைய சங்கிலி

இது நூற்றுக்கு நூறு சரி. நகரங்களின் வழிகாட்டிப் படங்களில் கோடு இருக்கும். எஃப்.எம்.பி.யில் கோட்டுக்குக் கோடு மீட்டரே எழுதியிருப்பதால் அது தேவைப்படவில்லை, ஒவ்வொரு கோடும் ஓர் அளவுகோல்தான்.

மேலக்காடு

எல்லோருக்கும் நன்றி, கணக்கு புரிந்தது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். படமும் பட்டாவும் ஒத்துப்போகின்றன என்பதால் வரப்பு சரியான இடத்தில் இருக்கிறது என்று ஆகிவிடுமா? அவர் மண்வெட்டியோடு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

பழைய சங்கிலி

ஆகாது. தாள் தாளோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான் இதுவரை பார்த்தது. தரையில் வரப்பு எங்கே இருக்கிறது என்று எந்தத் தாளும் சொல்லாது.

ஆனால் அங்கே போனதும் இந்த வர்க்கக் கணக்கை மறந்துவிடுங்கள். வரப்பு நகர்ந்தால் நிலம் ஒரு திசையில்தான் குறைகிறது. உங்கள் கிழக்குப் பக்கம் எவ்வளவு நீளம் என்று படத்தில் இருக்கும்.

மேலக்காடு

62.5 என்று இருக்கிறது.

பழைய சங்கிலி

அப்படியென்றால் வரப்பு முழு நீளத்துக்கும் ஒரு மீட்டர் உள்ளே வந்திருந்தால் 62.5 சதுர மீட்டர், ஒன்றரை சென்ட். இரண்டு மீட்டர் என்றால் மூன்று சென்ட், நாலு மடங்கெல்லாம் ஆகாது. 12 சென்ட் போக வேண்டுமென்றால் அவர் 8 மீட்டர் உள்ளே வந்திருக்க வேண்டும், அதைப் பார்க்க உங்களுக்கு எஃப்.எம்.பி. தேவைப்பட்டிருக்காது.

வடகிழக்கு, தென்கிழக்கு மூலைகளில் கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி வரப்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். தென்மேற்குக் கல்லில் இருந்து வடகிழக்குக் கல்லுக்கு டேப் பிடித்தால் 90 வர வேண்டும், டேப்பைத் தொய்ய விடாதீர்கள், பயிர் மேலே படுத்தால் கூடத்தான் காட்டும். கல் இல்லை என்றால் மனு போட்டு சர்வேயரை அழைப்பதுதான் வழி.

மேலக்காடு

தென்கிழக்கில் கல் இருக்கிறது. வடகிழக்கில் கல் இருந்த இடத்தில் இப்போது வேப்பங்கன்று இருக்கிறது, அதை யார் நட்டது என்பதிலும் தகராறு உண்டு.

செல்வம்_திருச்சி

அப்படியென்றால் மனுதான். நான் முதலிலேயே சொன்னேன்.

பழைய சங்கிலி

கல் காணாமல் போயிருந்தாலும் மற்ற மூன்று கல் இருந்தால் படத்தில் உள்ள அளவை வைத்து அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். தென்மேற்கில் இருந்து 90, தென்கிழக்கில் இருந்து 62.5, இரண்டு டேப்பும் சந்திக்கிற இடம். மூன்றாவது கல்லில் இருந்து அளந்து சரிபார்க்க வேண்டும். நீங்களே செய்து பார்ப்பது உங்கள் மனத்திருப்திக்கு மட்டும், பக்கத்து நிலத்துக்காரர் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

நகல் கடை

எனக்கும் ஒரு சந்தேகம் தீர்க்க வேண்டும். எஃப்.எம்.பி. பிரிண்ட் எடுக்க வருகிறவர்களுக்கு இனி `Actual size` வைத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால் சில படங்களில் ஓரத்துக் கோடு வெட்டுப்படுகிறது, பக்கத்து சர்வே நம்பர் எழுதியது போய்விடுகிறது. `Fit` வைத்தால் சுருங்குகிறது. எதை வைப்பது?

தஞ்சை_மேப்பர்

ஏ3-இல் `Actual size` வைத்துக் கொடுங்கள், வெட்டும் படாது, சுருங்கவும் செய்யாது. கையால் அளக்க நினைக்கிறவர்களுக்கு அதுதான் சரி.

நகல் கடை

ஏ3-க்கு இரண்டு மடங்கு காசு கேட்டால் கொடுக்க மாட்டார்களே.

பழைய சங்கிலி

`Fit` வைத்தே கொடுங்கள், எழுத்து படிக்கிற மாதிரி இருந்தால் போதும். 1:1000 என்று இருக்கும் இடத்தை மட்டும் பேனாவால் அடித்துவிடுங்கள்.

தஞ்சை_மேப்பர்

ஐயா, அரசு ஆவணத்தில் பேனாவால் அடிக்கச் சொல்கிறீர்களே. அப்புறம் அதைக் கொண்டுபோய் ஆபீஸில் நீட்டினால் ஏற்றுக்கொள்வார்களா?